ஒட்டின இடம்

அண்ணன் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஏழாம் வகுப்பில் காகிதப் பாலம் கட்டும் செயல்திட்டம். ஏ4 தாளும் பசையும் மட்டுமே அனுமதி. இடைவெளி 20 செ.மீ. எடைக்கு என் உண்டியலை உடைத்து ஐந்து ரூபாய் நாணயங்களைக் கொட்டிக்கொண்டார்கள்.

ஒற்றைத் தாளை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே வைத்தார்கள். நாலாவது நாணயத்திலேயே தொய்ந்து விழுந்தது. அதே தாளை ஒரு செ.மீ. உயர விசிறி மடிப்பாக மடித்தபோது 38 தாங்கியது. எடை அதே 5 கிராம்தான், ஆனால் 0.1 மி.மீ. கனமுள்ள தாளுக்கு இப்போது ஒரு செ.மீ. உயரம். வளைய வேண்டுமானால் மேல்பக்கம் நசுங்க வேண்டும், கீழ்ப்பக்கம் நீள வேண்டும். இரண்டுக்கும் நடுவே உயரம் கூடக்கூட வளைப்பது கடினம்.

39-வது நாணயத்தில் பாலம் சரிந்தது. பையன் தாளையே மாற்றப் போனான். இவள் குனிந்து பார்த்துவிட்டு, “கிழியல சித்தப்பா, மடிப்பு விரிஞ்சிடுச்சு” என்றாள். மடிப்புகளுக்குக் குறுக்கே, அடியில் இரண்டு பட்டைகளை ஒட்டினாள். விரிய வழியில்லாமல் போனது. 85 நாணயம் நின்றது. அட்டைப்பெட்டியின் அலைத்தாளுக்கு இருபுறமும் தாள் ஒட்டியிருப்பது இதற்காகத்தான்.

பையனுக்கு அது பாலமாகத் தெரியவில்லை. ரயில் பாலம்தான் வேண்டுமாம். தாளைச் சுருட்டிக் குழல்கள் செய்து சதுரச் சட்டங்களாக ஒட்டினான். பழைய கட்டில்போல ஒருபக்கம் சாய்ந்தது. மூலைவிட்டமாக ஒரு குழல் வைத்து முக்கோணங்களாக்கியதும் சாய்வது நின்றது. முக்கோணத்தில் பக்க நீளம் மாறாமல் கோணம் மாறாது.

ஆனாலும் அரைக் கிலோ அரிசிப் பைக்கே பிரிந்துவிட்டது. குழல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, முனைகள்தான் கழன்றன. முனையோடு முனை ஒட்டினால் பசை பிடிக்க இடமே இல்லை. தவிர, பசை காயுமுன் எடை வைக்கச் சொன்ன அவசரக்காரன் நான்தான். ஈரப்பசையில் காகிதம் ஊறித் தளர்ந்துவிடும்.

மறுநாள் ஒவ்வொரு மூட்டிலும் இருபுறமும் மூன்றடுக்குக் காகிதத் தகடு வைத்து, குழல்களை அதன்மேல் இரண்டு செ.மீ. படிய ஒட்டினார்கள். ரயில் பாலங்களில் கம்பிகள் சேரும் இடத்தில் இப்படித்தான் இரும்புத் தகடு இருக்கும். அது சின்ன விஷயமில்லை. 2007-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். விசாரணையில், மூட்டுத் தகடுகள் சில இருக்க வேண்டிய கனத்தில் பாதிதான் இருந்தது தெரியவந்தது.

ஓர் இரவு காயவிட்ட பாலம் இரண்டரைக் கிலோ அரிசி தாங்கியது. கடைசியில் ஒடிந்தபோது மூட்டுகள் அப்படியே இருந்தன. மேலே இருந்த நீளக் குழல்தான் நடுவில் பக்கவாட்டில் வளைந்து மடிந்தது. அதன் நடுவில் ஒரு முட்டுக்கொடுத்துப் பாதி நீளமாக்கினால், வளையாமல் ஏறக்குறைய நாலு மடங்கு அழுத்தம் தாங்கும்.