பழைய நீட் வினாத்தாள், புதிய பாடத்திட்டம்: எதை நீக்கணும், எதை மாத்தி எழுதணும்?

போடிநாயக்கனூரிலும், குரங்கணி, போடிமெட்டு போன்ற ஏலமலைச் சரிவு ஊர்களிலும் நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு, அக்காவோ அண்ணனோ பயன்படுத்திய பழைய வினாத்தாள் தொகுப்பு எளிதில் கிடைக்கும் பயிற்சிக் கருவி. ஆனால், அதை அப்படியே கொடுத்தால் தேர்வில் வராத பாடத்துக்கும் நேரம் போய்விடும். அதனால் ஆசிரியர்கள் அதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

என்ன மாறியது?

நீட் 2024-க்கான பாடத்திட்டம் 2023 அக்டோபரில் திருத்தப்பட்டது. வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் போன்றவை போய்விட்டன. உயிரியலில் தாவரங்களின் கனிம ஊட்டம், செரிமானம் போன்றவை இல்லை. இயற்பியலில் செய்முறைத் திறன்கள் சேர்ந்தன. 2025-ல் தேர்வின் வடிவமும் மாறியது. 2021 முதல் 2024 வரை 200 கேள்விகள் கொடுத்து, 180-க்குப் பதில் எழுதச் சொன்னார்கள். இப்போது 180 கேள்விகளும் கட்டாயம், நேரம் 180 நிமிடம்.

தமிழகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாநில பிளஸ் 2 வேதியியல் பாடநூலில் திட நிலைமை 6-வது அலகு, புறப்பரப்பு வேதியியல் 10-வது அலகு. பொதுத்தேர்வுக்கு இதைப் படிக்கணும், நீட்டுக்கு வேண்டாம். 'புத்தகத்தில் இருக்கே' என்று பார்த்து கேள்வியை விட்டுவைத்தால் தவறாகிவிடும். நீட் பாடத்திட்ட அறிக்கையின் வரிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்யணும்.

தலைப்பைப் பார்த்து வெட்டலாமா?

கூடாது. நீக்கிய தலைப்பின் ஒரு பகுதி வேறு பாடத்தில் உயிரோடு இருக்கலாம். உதாரணமாக, வேதியியலில் வாயு நிலைமை போய்விட்டது. ஆனால் pV = nRT இயற்பியலில் வாயுக்களின் இயக்கக் கொள்கையில் இருக்கிறது. எனவே அந்தச் சமன்பாட்டுக் கணக்கை இயற்பியல் பகுதிக்கு மாற்றலாம். வாண்டர்வால்ஸ் மாறிலிகளைக் கேட்கும் கேள்விதான் வெளியே போகணும்.

இதைவிட ஏமாற்றுவது பொருத்துக கேள்வி. பழைய தாளில் இப்படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ரைசோபியம் – பயறுவகை வேர்முடிச்சு, அசோடோபாக்டர் – தனித்து வாழும் நைட்ரஜன் நிலைப்படுத்தி, குளோமஸ் – வேர்ப்பூஞ்சை, லெக்ஹீமோகுளோபின் – ஆக்சிஜனைப் பிடித்து வைப்பது. முதல் மூன்றும் உயிர் உரங்கள். 'மனித நலனில் நுண்ணுயிர்கள்' பாடத்தில் அவை இன்னும் இருக்கின்றன. நான்காவது மட்டும் நீக்கப்பட்ட கனிம ஊட்டத்திலிருந்து வந்தது.

அந்த வரியை மட்டும் அழித்தால் மூன்று ஜோடிதான் மிஞ்சும், விடையை ஊகிப்பது எளிதாகிவிடும். அதற்குப் பதில் 'அனபீனா – சயனோபாக்டீரியம்' என்ற வரியைச் சேர்த்து, நான்கு விடைத் தெரிவுகளையும் புதிதாக எழுத வேண்டும். தவறான தெரிவுகளில்கூட நீக்கிய பாடத்தின் சொல் இருக்கக் கூடாது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும் தேர்வு இது. அதனால் படிக்காத ஒரு சொல்லைப் பார்த்தால், சரியான விடை தெரிந்த பிள்ளைகூடத் தயங்கும்.

எண்ணை மாற்றினால் புதுக் கேள்வியா?

இல்லை. முதல்வகை வினையின் அரைவாழ்காலத்தைக் கொடுத்து, '75% முடிய எவ்வளவு நேரம்?' என்று பழைய கேள்வி கேட்டது என்போம். 10 நிமிடத்தை 15 ஆக்கினால் விடை எண் மட்டும் மாறும். வழிமுறையை மனப்பாடம் செய்தவர் யோசிக்காமல் எழுதிவிடுவார்.

கேள்வியைத் திருப்பிப் போடலாம்: '75% வினை 40 நிமிடத்தில் முடிகிறது. 60 நிமிடத்தில் எத்தனை சதவீதம் மிஞ்சும்?' 75% முடிவது என்றால் இரண்டு அரைவாழ்காலம், ஆக ஒன்று 20 நிமிடம். 60 நிமிடம் என்பது மூன்று, மிஞ்சுவது 12.5%. பாடம் அதேதான், யோசிக்கும் பாதை வேறு.

உயிரியல் கேள்வியையும் இப்படி மாற்றலாம். 'குளோமஸ் எதற்கு உதவுகிறது?' என்பதற்குப் பதில், 'ஏலத்தோட்ட மண்ணில் பாஸ்பரஸை உறிஞ்ச வேர்களுக்கு உதவ, கீழ்க்கண்டவற்றில் எதைச் சேர்க்கலாம்?' என்று கேட்கலாம். மலைப்பிள்ளைக்கு இடம் பழக்கமானது, விடை புதிதாக யோசிக்க வேண்டியது.

கடைசியில் எதைச் சரிபார்க்கணும்?

ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பாடத்திட்டத்தின் எந்த வரி என்று எழுதிப் பார்க்கணும். வரி கிடைக்காத கேள்வி வெளியேறணும். பிறகு இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என்ற கணக்கு சரியா என்று பார்க்கணும். நீக்கிய வேதியியல் கேள்விகளின் இடத்தை எளிதாகக் கிடைக்கும் ஒரே பாடத்தால் நிரப்பினால், தாள் பாடத்திட்டத்துக்குள் இருந்தாலும் பயிற்சி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

இறுதியாக, பழைய தாளை ஏற்கெனவே எழுதிய ஒரு மாணவரிடம் புதிய தாளைக் கொடுத்துப் பார்க்கலாம். கேள்வியை முழுசாகப் படிக்காமலே விடையைக் குறித்தால், அந்தக் கேள்வி இன்னும் பழையதுதான்.