பின்னிணைப்பில் மறையும் சான்று: ஒப்பாரி ஆய்வேடுகளை முன்வைத்து

நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளில் பின்னிணைப்பு பெரும்பாலும் எஞ்சியவற்றின் தொகுப்பாகவே அமைகிறது. இயல்களை எழுதி முடித்த பின்னர்த் திரட்டிய பாடல்கள், தகவலாளர் பட்டியல், வினாநிரல், நிழற்படங்கள், வட்டாரச் சொற்பொருள் ஆகியன இறுதியில் சேர்க்கப்படுகின்றன. எது இயலில் நிற்க வேண்டும், எது பின்னே செல்ல வேண்டும் என்பதைப் பக்க அளவே முடிவு செய்கிறது. இம்முறை ஆய்வின் முடிவையே பிழையாக்கக் கூடியது.

பெற்றோர் இறப்பில் மகளிர் பாடும் ஒப்பாரிகளை ஆராயும் ஆய்வேடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் 60 பாடல்கள் திரட்டப்பட்டுள்ளன. அவற்றுள் 41 பாடல்கள் உடன்பிறந்தார் மீதும் அண்ணியர் மீதும் குறை கூறுகின்றன. 19 பாடல்களில் அக்குறை இல்லை என வைத்துக்கொள்வோம். ‘பிறந்த வீட்டில் உரிமை இழந்த மகளின் முறையீடே இவ்வொப்பாரிகளின் பொதுப்பண்பு’ என்று ஆய்வேடு முடிவு கூறுகிறது. பாடல்கள் முழுவதும் முதற் பின்னிணைப்பிலும், பாடியவர், ஊர், நாள், பாடிய சூழல் ஆகியன இரண்டாம் பின்னிணைப்பிலும் உள்ளன. வெளித்தோற்றத்தில் இந்த அமைப்பில் குறையேதும் தெரிவதில்லை.

இரண்டு பின்னிணைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் வேறொன்று புலனாகிறது. 60 பாடல்களுள் 38 இழவு வீட்டில் பதிவானவை. 22 ஆய்வாளர் கேட்டுக்கொண்டதற்காகப் பிறிதொரு நாளில் பாடப்பட்டவை. குறை கூறும் 41 பாடல்களுள் 34 இழவு வீட்டைச் சேர்ந்தவை. குறை கூறாத 19 பாடல்களுள் 15 கேட்டுப் பெற்றவை. எனவே முறையீடு என்பது ஒப்பாரி வகையின் பொதுப்பண்பா, கேட்க வேண்டியவர் எதிரே இருக்கும் சூழலில் எழும் பேச்சா என்னும் வினா எழுகிறது. சாவு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடுதல் ஆகாது என்னும் நம்பிக்கையால், கேட்டுப் பெற்ற பாடல்கள் சுருக்கமாகப் பாடப்பட்டிருக்கவும் கூடும். இவற்றுள் எது பொருந்தும் என்பதைப் பாடல்களின் நீளம், பாடியவரின் உறவுநிலை ஆகியவற்றைக் கொண்டு இயலில்தான் ஆராய வேண்டும். பாடிய சூழல் தகவலாளர் விவரமாக மட்டும் கருதப்பட்டுப் பின்னே சென்றமையால் அவ்வாராய்ச்சி நிகழாமலே போயிற்று.

இதிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். ஒரு செய்தி மாறினால் ஆய்வின் முடிவும் மாறுமாயின் அச்செய்தி இயலுக்கு உரியது. அது மாறினும் முடிவு மாறாது, ஆனால் முடிவைச் சரிபார்க்க அது வேண்டும் என்றால் பின்னிணைப்புக்கு உரியது. இவ்விரண்டிலும் அடங்காதது ஆய்வேட்டிற்கே வேண்டாதது. இவ்வாறு நோக்கின், சூழல்வாரியான எண்ணிக்கையைத் தரும் சிறு அட்டவணை, விளக்கத்திற்கு எடுத்துக்கொண்ட அடிகள், முடிவுக்கு மாறான பாடல்கள் ஆகிய மூன்றும் இயலில் இடம்பெற வேண்டும். மூன்றாவதே பெரிதும் மறைக்கப்படுகிறது. இழவு வீட்டில் பாடப்பட்டும் குறை கூறாத 4 பாடல்களை வாசகர் தாமே தேடிக் கண்டுபிடிக்கும் நிலை கூடாது. 60 பாடல்களின் முழு வடிவம், வினாநிரல், சொற்பொருள் ஆகியன பின்னிணைப்பில் இருப்பதே தகும்.

பதிப்புத் துறையில் இப்பகுப்புக்கு முன்மரபு உண்டு. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை அந்தந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பிலும், அரும்பத அகராதியை நூலின் புறத்தேயும் அமைத்தார். அடியைப் படிக்கும்போதே வேண்டுவது அருகில் நிற்கிறது. தேடும்போது வேண்டுவது தனியே நிற்கிறது.

பாடல்களை முழுமையாக இயலிலேயே தர வேண்டும், இல்லையேல் அவை சூழலிலிருந்து துண்டிக்கப்படும் என்று வாதிடுவோர் உண்டு. ஒரே பாடலின் அமைப்பை ஆராயும் இயலுக்கு இது பொருந்தும். 60 பாடல்களையும் அவ்வாறு தந்தால் பாடலுக்கும் பாடலுக்கும் இடையே வாதம் தொலைந்துவிடும். பாடலெண், அடியெண் இட்டுச் சுட்டுவதே துண்டிப்பைத் தவிர்க்கும் வழி. ‘பின்னிணைப்பு காண்க’ என்று மட்டும் எழுதுவது சுட்டு ஆகாது.

அமைப்பு பிழைபட்டதை அறியத் தேர்வாளருக்கு இரண்டு அடையாளங்கள் போதும். ‘பெரும்பாலான பாடல்களில்’ என்னும் தொடர் எண்ணிக்கையின்றி இயலில் வருதல் ஒன்று. எந்த இயலும் ஒருமுறையேனும் சுட்டாத பின்னிணைப்பு இருத்தல் மற்றொன்று. முன்னதைக் கண்டால் பின்னிணைப்பிலுள்ள சான்று இயலுக்கு வர வேண்டும் எனக் கேட்கலாம். பின்னதைக் கண்டால் அப்பின்னிணைப்பு எதற்கு என்று வாய்மொழித் தேர்வில் வினவலாம்.