காசு கட்டினால் வேலை முன்னால் வருமா?

கைபேசியில் வேலை தேடும் பிள்ளைகளிடம் வேலைவாய்ப்பு இணையதளங்கள், "பிரீமியம் எடுங்கள், உங்கள் விவரம் முதலில் தெரியும், கம்பெனிக்காரருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பலாம்" என்று பணம் கேட்கின்றன. பதிவதும் விண்ணப்பிப்பதும் பெரும்பாலும் இலவசம்தான். முன்னால் நிற்கத்தான் கட்டணம்.

என் நாத்தனார் மகள் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மூன்று வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தவள். வேறு கம்பெனிக்கு மாற நினைத்து, ஒரு தளத்தில் மூன்று மாதத் திட்டத்துக்குப் பணம் கட்டினாள். "அத்தை, நாற்பது பேர் என் விவரத்தைப் பார்த்திருக்காங்க!" என்று ஒரே சந்தோஷம். ஆனால் வந்த போன் எல்லாம் இன்சூரன்ஸ் பாலிசி விற்கிற வேலைக்கும் கால்சென்டருக்கும்தான்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறார். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். ஆள் தேடுபவர் முதலில் வேலையின் பெயர், ஊர், அனுபவம், சம்பளம், எத்தனை நாளில் சேர முடியும் என்று கொடுத்துச் சலிப்பாராம். அந்தச் சல்லடையில் தங்கியவர்களுக்குள்தான் காசு கட்டியவர் மேலே வருவார். இவளோ தலைப்பில் 'எக்ஸ்போர்ட் கம்பெனி ஸ்டாஃப்' என்று மட்டும் போட்டிருந்தாள். சல்லடையிலேயே விழவில்லை என்றால் முதலிடம் எங்கிருந்து வரும்?

உடனே தலைப்பை Merchandiser - Knitted Garments என்று மாற்றினாள். பையர் ஃபாலோ-அப், சாம்பிள் அப்ரூவல், காஸ்டிங் என்று செய்த வேலைகளைப் பெயர் சொல்லி எழுதினாள். ஊர் திருப்பூர், சேர முப்பது நாள் என்பதையும் நிரப்பினாள். சமீபத்தில் உள்ளே வந்தவர்களை மட்டும் பார்க்கும் வசதி கம்பெனிக்காரருக்கு உண்டாம். அதனால் வாரம் இரண்டு தடவை திறந்து பார்த்தாள். இதற்கெல்லாம் பைசா செலவில்லை. கட்டிய திட்டம் முடிந்த பிறகுதான் பெருமாநல்லூர் பக்கமிருந்தும் அவிநாசி ரோட்டிலிருந்தும் அழைப்பு வந்தது. ஒன்றில் சேர்ந்தும் விட்டாள்.

பிரீமியமே வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவிந்தால், மேலே இருப்பவரை முதலில் பார்ப்பார்கள். நேரடிச் செய்தியும் ஆள் எடுக்கிற சமயத்தில் போனால்தான் பலன். இல்லாவிட்டால் படிக்காமலே கிடக்கும். ஆனால் டெய்லர், செக்கிங், கைமடி வேலைக்கு நம்ம ஊரில் இன்னமும் கேட்டில் 'ஆட்கள் தேவை' போர்டுதான், இல்லையென்றால் தெரிந்தவர் சொல்லித்தான். அதற்குப் போய் மாதாமாதம் பணம் கட்டுவானேன்? தமிழக அரசின் tnprivatejobs.tn.gov.in தளத்தில் தனியார் வேலைக்கு இலவசமாகவே பதியலாம்.

இன்னொன்று. 'ஒரு மாதம் இலவசம்' என்று சேரும்போது ஆட்டோபே கேட்டால், மாதம் முடிந்ததும் பணம் தானாகப் போகும். ஆப்பை அழித்தால் அது நிற்காது. முதலில் அந்தத் தளத்தில் சந்தாவை ரத்து செய்துவிட்டு, பணம் அனுப்பும் ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அங்கேயும் நிறுத்தி விடுங்கள்.

- ஒரு வாசகி, திருப்பூர்.