ஆயிரம் பேர் கையில் என் எண்

“படத்தை எடுத்துடு, பேரைச் சுருக்கிடு, குரூப்பை விட்டு வெளிய வந்துடு.” முன்பின் தெரியாத ஒருவன் இரவில் தொடர்ந்து அழைக்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், எங்கள் திருத்தணியில் அவளுக்குக் கிடைக்கும் அறிவுரை இந்த மூன்றுதான். மூன்றையும் செய்த பிறகும் அழைப்பு நிற்பதில்லை. அவன் கையில் இருப்பது அவளுடைய படமோ பெயரோ அல்ல, எண். அந்த எண்ணை அவனுக்குக் கொடுத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

2017 பிப்ரவரியில் ஹிந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழில் உத்தரப் பிரதேசத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ரீசார்ஜ் செய்ய வரும் பெண்களின் எண்களைச் சில கடைக்காரர்கள் ஆண்களுக்கு விற்றார்கள். சாதாரணத் தோற்றம் என்றால் 50 ரூபாய். அழகி என்று கடைக்காரர் முடிவு செய்தால் 500. அதைப் படித்தவர்கள் கொதித்தார்கள், சரிதான். ஆனால் அந்தக் கடைக்காரர் ஒவ்வொரு பெண்ணாக நோட்டில் எழுத வேண்டியிருந்தது. இன்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். அதில் சேர்க்கப்பட்ட நொடியில் என் எண் அத்தனை பேருக்கும் போய்விடுகிறது, முகத்தோடு சேர்த்து, காசில்லாமல். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பொதுச்சேவை.

எங்கள் வார்டுக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எப்போது வரும், ஆடிக் கிருத்திகைக்கு எந்தத் தெருவை அடைப்பார்கள் என்பதெல்லாம் அதில்தான் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூரில் இருப்பவர்கள்கூட உறவை முன்னிட்டு அதில் இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் தையல் கடை வைத்திருக்கும் என் தோழியை அதில் யாரோ சேர்த்துவிட்டார்கள். அவள் சம்மதத்தோடு ஒரு மாலை சோதித்துப் பார்த்தோம். அவள் எண்ணைச் சேமித்து வைத்திராத, ஆனால் அதே குழுவில் இருக்கும் என் தம்பியின் போனை வாங்கிக்கொண்டோம்.

உறுப்பினர் பட்டியலில் அவளுடைய பத்து இலக்க எண் முழுதாக இருந்தது. பக்கத்தில் ஒரு அலைக்குறி, அதையடுத்து அவள் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த பெயர்: கடைப் பெயரும் மகள் பெயரும். எண்ணைத் தொட்டதும் மகளோடு எடுத்த படம் பெரிதாக விரிந்தது. கடைசியாக எத்தனை மணிக்கு வாட்ஸ்அப்பைப் பார்த்தாள் என்பதும் தெரிந்தது. அந்த எண்ணை ஒரு யூபிஐ செயலியில் போட்டோம். ஒரு ரூபாய்கூட அனுப்பாமலே, வங்கிக் கணக்கில் இருக்கும் முழுப் பெயர் வந்தது, இனிஷியலோடு. ட்ரூகாலரிலும் ஒரு பெயர் இருந்தது, யாரோ ஒரு வாடிக்கையாளர் தன் போனில் சேமித்திருந்த பெயராக இருக்கும். ஐந்து நிமிடம் ஆகவில்லை. தம்பி போனைத் திரும்ப வாங்கும்போது எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

பிறகு கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினோம். Settings போய் Privacy. அங்கே Last seen and online, Profile photo, About மூன்றிலும் Everyone என்று இருந்ததை My contacts என மாற்றினோம். இந்த இடத்தில் பலரும் குழம்புகிறார்கள். My contacts என்பது என் போனில் நான் சேமித்திருப்பவர்கள். என் எண்ணைத் தன் போனில் சேமித்துக்கொண்டவன் அதில் வரமாட்டான். ஆகவே குழுவிலிருந்து எண்ணை எடுத்து எவன் சேமித்தாலும் படம் தெரியாது. அதே பக்கத்தில் Groups என்று ஒன்று உண்டு. அதையும் My contacts ஆக்கினால், அவள் சேமித்திராத யாரும் அவளை நேரடியாகக் குழுவில் தள்ள முடியாது. அழைப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். இந்த வசதி வந்ததே 2019இல்தான். அதுவரை யாரும் யாரையும் கேட்காமல் சேர்க்கலாம் என்பதே விதியாக இருந்தது. Calls பகுதியில் Silence unknown callers என்பதையும் இயக்கினோம். அது வாட்ஸ்அப் அழைப்புகளின் சத்தத்தை மட்டும்தான் அடக்கும். எண்ணுக்கு வரும் சாதாரண அழைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மீண்டும் தம்பியின் போனைப் பார்த்தோம். படம் போயிருந்தது, நேரம் போயிருந்தது. அலைக்குறிக்குப் பக்கத்தில் இப்போது ஒரே எழுத்து. ஆனால் எண் அப்படியே நின்றது. யூபிஐயில் அதே முழுப் பெயர். ட்ரூகாலரின் இணையதளத்தில் எண்ணை நீக்கக் கோரலாம். வாட்ஸ்அப் குழுவிலோ சக உறுப்பினர்களிடமிருந்து எண்ணை மறைக்க எந்தப் பொத்தானும் இல்லை. டெலிகிராமில் உண்டு: Phone Number என்பதில் Nobody வைத்தால் போதும். சிக்னலும் 2024இலிருந்து எண்ணை மறைத்தே காட்டுகிறது. ஆனால் எங்கள் வார்டு அங்கே இல்லை, வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

குழுவைவிட்டு வெளியே வந்தால்? 2022க்குப் பிறகு வெளியேறுவதை அட்மின்கள் மட்டுமே அறிவார்கள் என்பது உண்மை. ஆனால் கடந்த 60 நாட்களில் விலகியவர்களின் பட்டியலை எந்த உறுப்பினரும் திறந்து பார்க்கலாம். அவள் எப்போதோ போட்ட “இன்னைக்கு தண்ணி வருமா?” என்ற செய்தி ஆயிரம் போன்களில் அவளுடைய எண்ணோடு கிடக்கும். உறுப்பினர் எண்களை மொத்தமாக வாரி எடுக்க வாட்ஸ்அப் வெப்பில் வேலை செய்யும் கருவிகளும் இருக்கின்றன. வாரி எடுத்தவனிடமிருந்து எதையும் திரும்ப வாங்க முடியாது.

இன்னொரு சிம் வாங்கிக்கொள் என்கிறார்கள். யார் காசில்? அந்த சிம்மை உயிரோடு வைத்திருக்க யார் ரீசார்ஜ் செய்வது? வீட்டில் ஒரே போன், அதுவும் கணவர் பெயரில் என்றிருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஏன் ரெண்டாவது நம்பர் என்ற விசாரணையும் அவளுக்குத்தான் வரும்.

ஆகவே நான் பெண்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அட்மின்களிடம் பேசுகிறேன். தண்ணீர் நேரம் சொல்ல ஆயிரம் பேரின் எண்கள் ஆயிரம் பேருக்கு எதற்கு? வாட்ஸ்அப்பிலேயே சேனல் இருக்கிறது. அதில் பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. அவர்களைச் சேமித்து வைத்திராத அட்மினுக்கும் எண் தெரியாது. மக்களின் பட்டியல் கையில் வேண்டும் என்றால் கம்யூனிட்டி இருக்கிறது. அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் அட்மினுக்குத் தெரியும், முன்பின் அறியாத மற்றவர்களுக்குத் தெரியாது. அதற்குள் உள்குழு ஒன்றில் சேர்த்தால் மறுபடி எல்லாம் வெளியே வந்துவிடும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். குழாய் வரவில்லை என்று புகார் சொல்ல அட்மினின் எண் ஒன்று போதும். இரண்டுக்கும் காசு கிடையாது.

இன்னொன்று. வேண்டாம் என்று சொன்ன பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் குற்றம். முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை. பிளாக் செய்யும் முன் அழைப்புப் பட்டியலையும் செய்திகளையும் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 181க்குப் பேசும்போதும் காவல் நிலையம் போகும்போதும் அதுதான் கையில் இருக்கும்.

எங்கள் வார்டு அட்மின் கெட்டவரல்ல. குழுவைச் சேனலாக மாற்றச் சொல்லிக் கேட்டேன். “பொம்பளைங்களுக்குப் பிடிக்கலைன்னா லெஃப்ட் ஆகிடுங்கக்கா, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க” என்றார். அப்புறம் தண்ணீர் வரும் நேரம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “வீட்டு ஆம்பளைங்க சொல்லுவாங்கல்ல” என்றார்.