அச்சகத்துக்குக் கொடுக்க முன் எழுத்தைப் பூட்டுவோம்

மலையகத்தில் தமிழ் பேனர் ஒன்று பிழையாகத் தொங்கினால் நாம் உடனே இரண்டில் ஒன்றைச் சொல்கிறோம். ஒன்று, "தமிழ்தானே, அவங்களுக்கு அக்கறை இல்லை." மற்றது, "அச்சடிச்சவனுக்குத் தமிழ் தெரியாது." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் கோயில் திருவிழா நோட்டீஸ், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், பழைய மாணவர் சங்க போஸ்டர், அஞ்சலி பேனர் என்று நம்மவர்களே டிசைன் செய்து கொடுப்பவையும் உடைந்து வருகின்றனவே, அதற்கு என்ன சொல்வது? எங்கள் கருத்து இதுதான்: அறிமுகமில்லாத அச்சகத்துக்குப் போகும் தமிழ், எழுத்தாகப் போகக்கூடாது, உருவமாகப் போகவேண்டும்.

ஏன் என்று விளங்க, எழுத்து எப்படி உடைகிறது என்று பார்க்க வேண்டும். உடைவதில் இரண்டு வகை இருக்கிறது.

முதலாவது, பாமினி வகை. இலங்கையில் இன்னும் நிறையப் பேர் தட்டச்சு செய்வது பாமினியில்தான். பாமினியில் நாம் அடிப்பது கணினிக்குத் தமிழே இல்லை. "மலையகம்" என்று நாம் அடித்ததைக் கணினி `kiyafk;` என்றுதான் சேமித்து வைத்திருக்கிறது. பாமினி எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். அச்சகக் கணினியில் பாமினி இல்லை என்றால் முகமூடி கழன்றுவிடும். அங்கே சிங்களத்துக்கு எஃப்எம் அபய போன்ற எழுத்துருக்கள் இருக்கும். அவையும் இதே முகமூடி வித்தையில்தான் வேலை செய்கின்றன. ஆகவே நம் தமிழ்ப் பத்தியின் மேல் அந்த எழுத்துரு ஏறினால் பொருளே இல்லாத சிங்கள எழுத்து வரிசை ஒன்று வரும். சிங்களம் தெரிந்தவருக்கும் அது விளங்காது, தமிழ் தெரிந்தவருக்கும் விளங்காது. இந்த வகையில் ஒரே ஒரு நன்மை: பிழை பச்சையாகத் தெரியும். யாராவது நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது வகைதான் ஆபத்தானது. அது யுனிகோட் வகை. யுனிகோட்டில் "கொ" என்பது க, அதற்குப் பின்னால் ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது மென்பொருள்தான் அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கவேண்டும். "லை"யிலும் அப்படித்தான், சேமிப்பில் பின்னால் இருக்கும் ஐகாரக் குறி காட்சியில் முன்னால் வரவேண்டும். இந்த வேலையைத் தெரியாத பழைய கோரல்ட்ரோ, பழைய இலஸ்ட்ரேட்டர் பதிப்புகள் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடும். எழுத்துரு சரியாக இருந்தாலும் இது நடக்கும்.

இப்போது நம் ஊர்ப் பெயர்களை எடுத்துப் பாருங்கள். "ஹட்டன்" உடையாது. அதில் புள்ளி மட்டும்தான் இருக்கிறது, இடம் மாறவேண்டிய குறி எதுவும் இல்லை. ஆனால் "நுவரெலியா"வில் ரெகரத்தின் கொம்பு ர-வுக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும். பின்னால் நின்றால் அது அடுத்த "லி"யின் தலையில் ஒட்டிக்கொண்ட மாதிரித் தெரியும். கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை, தேயிலை, தோட்டம், கொழுந்து எல்லாமே இப்படி உடையக்கூடிய சொற்கள். தமிழ் வாசிக்காத ஓர் ஒப்பரேட்டருக்கு இது தமிழ் மாதிரியே தெரியும். அவரிடம் குற்றம் இல்லை. சிங்கள போஸ்டர் ஒன்றில் இதே மாதிரி கொம்பு இடம் மாறினால் சிங்களம் வாசிக்காத நம்மில் எத்தனை பேர் கண்டுபிடிப்போம்?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, பீடிஎஃப் ஆகக் கொடு, அதற்குள் எழுத்துரு பொதிந்திருக்கும் என்பது. பாதி சரி. பீடிஎஃப் நாம் பயன்படுத்திய எழுத்து வடிவங்களைத் தனக்குள்ளே எடுத்துக்கொண்டு போகும். அச்சகம் அதை அப்படியே திறந்து பிரிண்ட் கொடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் சின்ன அச்சகங்களில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஒரு பெரிய தாளில் நாலு நோட்டீஸ் அடுக்க, ஓரம் வெட்ட இடம் விட, அடியில் அச்சகத்தின் பெயர் போட அவர்கள் பீடிஎஃப்ஐ கோரல்ட்ரோவிலோ இலஸ்ட்ரேட்டரிலோ திறப்பார்கள். திறந்த உடனே அது திருத்தக்கூடிய எழுத்தாக மாறுகிறது. அந்த எழுத்துரு அவர்களிடம் இல்லை என்றால் வேறொன்று ஏறும். இருந்தாலும்கூட, மென்பொருள் எழுத்துகளை மறுபடி அடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறலாம். பொதிந்த எழுத்துரு என்பது அச்சிடும்போது காப்பாற்றும், திறந்து திருத்தும்போது காப்பாற்றாது.

அதனால்தான் அவுட்லைன் என்கிறோம். அவுட்லைன் செய்தால் "கொ" என்ற எழுத்து கோடுகளும் வளைவுகளும் சேர்ந்த ஒரு படமாகிவிடும். அதற்கு எழுத்துரு தேவையில்லை. எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு கொம்பின் இடத்திலேயே இருக்கும். இலஸ்ட்ரேட்டரில் `Type > Create Outlines`, கோரல்ட்ரோவில் `Convert to Curves`, இலவசமாகக் கிடைக்கும் இன்க்ஸ்கேப்பில் `Path > Object to Path`. மூன்றும் ஒரே வேலைதான்.

ஓர் உதாரணத்தை முழுதாக எடுப்போம். கொட்டகலையில் ஒரு தோட்ட நூலகத்துக்குப் புத்தகம் சேர்க்க ஏ3 அளவில் போஸ்டர் அடிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்க்ஸ்கேப்பில் யுனிகோட் எழுத்துருவில், சொல்லப்போனால் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய நோட்டோ சான்ஸ் தமிழில், டிசைன் செய்கிறோம். முதலில் எழுத்துப் பிழைகளைப் பார்த்து முடிக்கவேண்டும். அவுட்லைன் செய்த பிறகு ஓர் ஒற்றைக்கூடச் சேர்க்க முடியாது. ஏற்கெனவே உடைந்த எழுத்தை அவுட்லைன் செய்தால் அந்த உடைவும் அப்படியே உறைந்துவிடும். பிறகு கோப்பை இரண்டாகச் சேமிக்கவேண்டும், திருத்துவதற்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று. அச்சுக் கோப்பில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து பாதையாக மாற்றுகிறோம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: `Ctrl+A` அழுத்தினால் நாம் நிற்கும் லேயர் மட்டும்தான் தெரிவாகும். வேறு லேயரிலும் பூட்டிய லேயரிலும் இருக்கும் எழுத்து எழுத்தாகவே தங்கிவிடும். பூட்டைத் திறந்துவிட்டு `Ctrl+Alt+A` அழுத்தவேண்டும்.

மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பீடிஎஃப்ஐத் திறந்து மவுஸால் ஒரு சொல்லைத் தெரிவுசெய்து பாருங்கள். தெரிவாகவில்லை என்றால் அது எழுத்தாக இல்லை. அடுத்து 800 வீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள். விளிம்பு வழவழப்பாக இருந்தால் அவுட்லைன், படிக்கட்டு மாதிரி இருந்தால் அது வெறும் புகைப்படம். இன்னும் உறுதியாகப் பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது:

```
pdffonts poster_print.pdf
```

தலைப்பு வரிகள் மட்டும் வந்து கீழே எதுவும் இல்லை என்றால் கோப்பில் எழுத்துருவே இல்லை. ஒரு பெயர் வந்தால் எங்கேயோ ஒரு வரி தப்பியிருக்கிறது.

கென்வாவில் செய்பவர்கள் `PDF Print` என்று இறக்கினால் எழுத்துரு பொதிந்த பீடிஎஃப் வரும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் அதை அவுட்லைன் ஆக்கும்:

```
gs -o print.pdf -sDEVICE=pdfwrite -dNoOutputFonts canva.pdf
```

விண்டோஸில் `gs`க்குப் பதில் `gswin64c` என்று அடிக்கவேண்டும். இதுவும் முடியாவிட்டால் அச்சகத்தில் ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள்: கோரல்ட்ரோவில் பீடிஎஃப்ஐ இறக்கும்போது, எழுத்தை `Text` ஆகவா `Curves` ஆகவா எடுக்க என்று கேட்கும், `Curves` போடுங்க அண்ணா, என்று.

"இவ்வளவு ஏன், ஜேபெக்கா வட்ஸ்அப்ல அனுப்பினா முடிஞ்சுதே" என்று கேட்கலாம். எழுத்து உடையாதுதான். ஆனால் ஏ3 தாளை நல்ல தரத்தில் அச்சிட 3508க்கு 4961 பிக்ஸல் வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்ஸல் அளவுக்குச் சுருங்கிவிடும். தலைப்பு தப்பிக்கும். கீழே சிறிதாகப் போட்ட தொலைபேசி எண்ணும் புள்ளிகளும் மங்கிப்போகும். தமிழில் புள்ளி மங்கினால் சொல்லே மாறும். வட்ஸ்அப்தான் வழி என்றால் பீடிஎஃப்ஐ டொகியூமண்ட் ஆக அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் அவுட்லைன்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. 80 பக்கச் சஞ்சிகையை அவுட்லைன் செய்தால் கோப்பு வீங்கும், பிறகு அதில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. மிகச் சிறிய எழுத்து அவுட்லைனில் ஒரு துளி தடித்து, ண, ஞ போன்றவற்றின் உள்வெளி அடைபடலாம். புத்தகத்துக்கு எழுத்துரு பொதிந்த பீடிஎஃப்பும், அதைத் திறந்து திருத்தாமல் அச்சிடும் அச்சகமும்தான் சரி. நாங்கள் பேசுவது ஒரு பக்கத் தாள்களையும் பேனர்களையும் பற்றி.

"அச்சகம்தான் தமிழ் எழுத்துருக்களை வைத்திருக்கவேண்டும், நாம் ஏன் கஷ்டப்படணும்?" என்ற கேள்வியும் நியாயமானது. மூன்று மொழி பேசும் மாவட்டத்தில் தொழில் செய்பவர்களிடம் அதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது நம் கையில் இல்லை, கோப்பு நம் கையில் இருக்கிறது. செத்தவீட்டு பேனரை நினைத்துப் பாருங்கள். இரவில் கொடுத்துக் காலையில் கட்டவேண்டியது. நாற்பது வருஷம் கொழுந்து பறித்த ஒருவருடைய பெயர் முதல் தடவையாகப் பெரிய எழுத்தில் வருவது அதில்தான் என்பதும் நம் ஊரில் நடக்கிறது. அந்தப் பெயரில் கொம்பு இடம் மாறியிருந்தால், திரும்ப அடிக்க நேரமும் இருக்காது, காசும் இருக்காது.

ஆகவே கோப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். முதலில் ஒரே ஒரு பிரதி, கறுப்பு வெள்ளையில் ஏ4 தாளில் என்றாலும் போதும், எடுத்துத் தரச் சொல்லுங்கள். "ஹட்டன்" சரியாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். நுவரெலியா, கொட்டகலை, தேயிலை மாதிரிக் கொம்பும் காலும் உள்ள சொற்களைத் தேடிப் பிடித்து வாசியுங்கள். அவை சரியாக இருந்தால், "அடிங்க அண்ணா" என்று சொல்லலாம்.