போன் அதிர்ந்தால் போதாது, யார் என்று தெரிய வேண்டும்

ஊரவர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. வாசித்து முடித்ததும் உங்கள் போனில் பத்து நிமிட வேலையும் இருக்கிறது.

எங்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் போன் விஷயத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சி, "உள்ளே வந்தால் போனை ஓப் பண்ணுங்க" என்கிறது. மற்றக் கட்சி, "வீட்டில உம்மா தனிய இருக்கா, ஓப் பண்ண ஏலாது" என்று சொல்லி முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறது. இரண்டாம் ரக்அத்தில் பாட்டு அடிப்பது இவர்களின் போன்தான். நாம் இரண்டு கட்சியிலும் இல்லை. போன் என்றால் ஒன்று கத்த வேண்டும், அல்லது ஊமையாக இருக்க வேண்டும் என்று இருவருமே நினைக்கிறார்கள். பிழை அங்கேதான் இருக்கிறது.

"அப்போ வைப்ரேஷன்ல போடுங்க, பிரச்சினை முடிஞ்சுது" என்று நடுவில் சிலர் சொல்வார்கள். முடியவில்லை. ரீலோட் ஒஃபர் மெசேஜுக்கும், பழைய மாணவர் குரூப்பில் வரும் காலை வணக்கப் பூவுக்கும், உம்மா விழுந்துவிட்டார் என்ற செய்திக்கும் போன் ஒரே மாதிரித்தான் அதிர்கிறது. அதனால் ஒவ்வொரு அதிர்வுக்கும் போனை எடுத்துப் பார்க்கிறோம். வகுப்பில் பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்கள். அல்லது அலுத்துப்போய்ப் பார்ப்பதையே விட்டுவிடுகிறோம். பார்க்க வேண்டிய ஒரு கோல் வரும் நாளில், அதையும் காலை வணக்கம் என்றே நினைத்து விட்டுவிடுகிறோம்.

நாம் கேட்பது இவ்வளவுதான். அவசரத்துக்கு அழைக்கக்கூடிய இரண்டு மூன்று பேருக்கு மட்டும் போன் வேறு மாதிரி அதிரட்டும், அல்லது வேறு சத்தம் போடட்டும். பொக்கட்டில் கை வைக்காமலே அது யார் என்று தெரிய வேண்டும். மற்ற எல்லாம் இடைவேளை வரை காத்திருக்கலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகன் ஆசிரியர், காலை 7.30 முதல் 1.30 வரை பாடசாலையில். வீட்டில் உம்மா, இன்சுலின் போடுகிறவர், சில நாட்களில் சீனி திடீரென்று இறங்கிவிடும். பக்கத்து வீட்டு ராத்தா அடிக்கடி வந்து பார்த்துக்கொள்வார். மகள் வேறு பாடசாலையில் படிக்கிறாள். இந்த மகனுக்கு முக்கியமான இலக்கங்கள் மூன்று: உம்மா, ராத்தா, மகளின் பாடசாலை அலுவலகம்.

முதல் வேலை, இந்த மூன்று பெயரும் எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது. எங்களில் பலருடைய பழைய இலக்கங்கள் இன்னும் சிம் கார்டில்தான் கிடக்கின்றன. சிம்மில் பெயரும் இலக்கமும் மட்டும்தான் நிற்கும், தனி ரிங்டோன் நிற்காது. "நான் செட் பண்ணப் பார்த்தேன், அந்த ஒப்ஷனே வரல்ல" என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். அந்தப் பெயரைப் போனுக்கோ கூகுள் கணக்குக்கோ மாற்றுங்கள். ஒரே ஆள் இரண்டு பெயரில் கிடந்தால் ஒன்றாக்குங்கள். உம்மாவிடம் இரண்டு சிம் இருந்தால் இரண்டு இலக்கத்தையும் ஒரே பெயரின் கீழ் போடுங்கள்.

இனி ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு. அந்தப் பெயரைத் திறந்து Edit அழுத்தி Ringtone உள்ளே போனால் அதிர்வை மாற்றும் இடமும் இருக்கும். அங்கே Create New Vibration என்பதைத் தொட்டு, திரையில் விரலால் தட்டினால் நீங்கள் தட்டிய தாளத்திலேயே போன் அதிரும். உம்மாவுக்கு மூன்று குறுந்தட்டும் ஓர் இடைவெளியும் வையுங்கள். ராத்தாவுக்கு ஒரு நீளம், ஒரு குறுகல் வையுங்கள். அதே பக்கத்தில் Emergency Bypass என்று ஒன்று இருக்கும். அதை ஓன் செய்தால், போன் சைலன்டில் இருந்தாலும் அந்த ஆளின் கோல் சத்தத்தோடு வரும். இரவில் தூங்கும்போது அது நல்லது. பள்ளியில் முன் ஸப்பில் நிற்கும்போது என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு ஓன் செய்யுங்கள்.

அண்ட்ரொயிட் போன்களில் ஒருவருக்குத் தனி ரிங்டோன் வைப்பது இலகு. பெயரைத் திறந்து மூன்று புள்ளியை அழுத்தினால் பல போன்களில் Set ringtone வரும். சம்சுங்கில் Edit உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் ஒருவருக்குத் தனி அதிர்வு வைக்கும் வசதி எல்லா அண்ட்ரொயிட் போனிலும் இல்லை. இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம், வேறு வழி இருக்கிறது. அந்த மூவருக்கும் நட்சத்திரம் போடுங்கள். Do Not Disturb செட்டிங்கில் கோல்களுக்கு Starred contacts மட்டும் அனுமதி கொடுங்கள். பிறகு போனை வைப்ரேஷனில் வைத்து அதை ஓன் செய்யுங்கள். இப்போது மற்றவர்கள் அழைத்தால் போன் அசையாது. அசைந்தால் அந்த மூவரில் ஒருவர்தான். தாளம் பிரித்தறியத் தேவையே இல்லை. ஒரு கவனம்: வைப்ரேஷனுக்குப் பதிலாக முழு மியூட்டில் வைத்துவிட்டால், நட்சத்திரக்காரர் அழைத்தாலும் அது அசையாது.

வட்ஸ்அப் தனிக் கதை. மேலே சொன்னவை சாதாரணக் கோலுக்கு. அண்ட்ரொயிடில் வட்ஸ்அப்புக்குள் ஒருவருடைய பெயரைத் தொட்டு நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போனால், அவருக்கு மட்டும் தனிச் சத்தமும், குறுகிய அல்லது நீண்ட அதிர்வும் வைக்கலாம். ஐபோனில் சத்தத்தை மட்டும் மாற்றலாம். ஆனால் அந்த ஆள் குடும்பக் குரூப்பில் எழுதினால் குரூப்பின் சத்தம்தான் வரும், அவருடைய சத்தம் வராது. குரூப்பை மியூட் செய்திருந்தால் பெரும்பாலும் எதுவும் வராது. வட்ஸ்அப் வர டேட்டாவும் வேண்டும். ஆகவே வீட்டில் சொல்லி வையுங்கள்: அவசரம் என்றால் சாதாரணக் கோல், வட்ஸ்அப் இல்லை, குரூப் இல்லவே இல்லை.

எல்லாம் செட் செய்ததும் சோதித்துப் பாருங்கள். போனைப் பொக்கட்டில் போட்டுவிட்டு, வீட்டில் இருவரை மாறி மாறி ஐந்து தடவை அழைக்கச் சொல்லுங்கள். பார்க்காமல் யார் என்று சொல்லுங்கள். ஒரு தடவை பிழைத்தாலும் தாளங்கள் ஒன்றையொன்று போல இருக்கின்றன என்று அர்த்தம். நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது உதவாது, தட்டுகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள். ஹேண்ட்பேக்கில் போன் வைக்கும் டீச்சர்மாருக்கு அதிர்வே தெரியாது. அவர்கள் அந்த மூவருக்கு மட்டும் மெல்லிய, வேறு யாருக்கும் இல்லாத ஒரு சத்தத்தை வைத்து, வொலியூமைக் குறைத்துக்கொள்வதுதான் சரி. மோட்டார் சைக்கிளில் போகும்போது எந்தத் தாளமும் உணரப்படாது. அதற்கு இந்த வழி மருந்தில்லை.

இதற்கு மூன்று எதிர்ப்புகள் வரும் என்று தெரியும்.

"எல்லாரும் தங்கட ஆக்களும் அவசரம் என்பாங்க." சொல்லட்டும். மூன்று பேருக்கு மேல் வைத்தால் நட்டம் வைத்தவருக்குத்தான். பத்துப் பேருக்குப் பத்துத் தாளம் வைத்தவர் ஒரு கிழமையில் எது யாருடையது என்று மறந்துவிடுவார், மீண்டும் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்குவார்.

"உம்மா உப்பு முடிஞ்சாலும் எடுப்பா, அப்போ என்ன செய்ய?" உம்மாவிடம் எடுக்க வேண்டாம் என்று சொல்வது அழகல்ல. இடைவேளையில் நீங்களே ஒவ்வொரு நாளும் எடுங்கள். உப்பும் வெங்காயமும் அந்த நேரத்துக்குக் காத்திருக்கப் பழகிவிடும். பிறகு பாட நேரத்தில் அந்தத் தாளம் வந்தால் அதற்கு அர்த்தம் இருக்கும்.

"முந்தி போன் இல்லாம நாங்க வாழல்லையா?" வாழ்ந்தோம். அப்போது யாராவது சைக்கிளில் பாடசாலை கேட்டுக்கு வந்து சொல்வார்கள், அலுவலகத்திலிருந்து ஒருவர் வகுப்புக்கு வந்து கூப்பிடுவார். இன்று அந்த வழி இல்லை. "மாஸ்டர்ட போனுக்கு எடுத்தம், எடுக்கல்ல" என்று வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். பழைய வழியை மூடிவிட்டு, புதிய வழியையும் ஓப் பண்ணச் சொல்வது நியாயமில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. உயிராபத்து என்றால் தொழுகையை முறித்து வெளியேறலாம் என்று உலமாக்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் அதிர்ந்தது ஆபத்தா, ஒஃபரா என்று பார்க்காமல் தெரியாவிட்டால் அந்த அனுமதியை எப்படிப் பயன்படுத்துவது? வாசலில் "போனை ஓப் செய்யவும்" என்ற ஸ்டிக்கருக்குப் பதிலாக, "சத்தத்தை நிறுத்தவும், அவசரமானவர்களுக்கு மட்டும் அதிர்வு" என்று ஒட்டுங்கள். ஜும்ஆ முடிந்து பத்து இளைஞர்கள் வாசலில் நின்றால், செட் பண்ணத் தெரியாத பெரியவர்களுக்கு ஒரே நாளில் செய்து கொடுத்துவிடலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு எல்லையும் உண்டு. ராத்தாவின் போனில் காசு இல்லாமல் அவர் வேறொருவரின் போனிலிருந்து எடுத்தால், உங்கள் போனுக்கு அது தெரியாத இலக்கம்தான். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. Do Not Disturb செட்டிங்கில் Repeat callers என்பதை ஓன் செய்தால், அண்ட்ரொயிடில் ஒரே இலக்கத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது கோல் உள்ளே வரும். ஐபோனிலும் இதே வசதி உண்டு, அங்கே 3 நிமிடம். "எடுக்காவிட்டால் உடனே இன்னொருக்கா எடுங்க" என்று வீட்டில் சொல்லி வையுங்கள். பாடசாலை அலுவலக இலக்கத்தையும் வீட்டில் எழுதி ஒட்டுங்கள். போன் மாற்றினால் ரிங்டோன்களைத் திரும்பவும் செட் செய்து, திரும்பவும் சோதியுங்கள். உயிராபத்து என்றால் முதலில் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ், அது இலவசம். மகனுக்கு அதன் பிறகுதான்.

இன்றிரவு உங்கள் போனைச் செய்து முடித்ததும் உம்மாவின் போனையும் வாங்கிச் செய்து கொடுங்கள். கட்டாரில் இருக்கும் மகனுக்கு ஒரு சத்தம், இங்கிருக்கும் மகளுக்கு இன்னொரு சத்தம். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கோல் நின்றுபோவது இனி இருக்காது. பழக்கமில்லாத சத்தம் வந்தால் பதறி ஓடத் தேவையில்லை என்றும் அவருக்குத் தெரியும். செட் பண்ண முடியாதவர்கள் போன் மாடலைக் கீழே எழுதுங்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.