கேள்வி ஒரு கோப்பில், பதில் இன்னொரு கோப்பில்

நீண்ட நேர்காணல் பதிவுகளை மௌனம் விழும் இடங்களில் நிரல் ஒன்றினால் வெட்டி, கிடைக்கும் துண்டுகளுக்கு ‘அத்தியாயம் 1’, ‘அத்தியாயம் 2’ என்று பெயர் சூட்டி வலையேற்றும் வழக்கம் நம் ஆவணக்காப்பகங்களில் பரவி வருகிறது. வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைப் பொறுத்தவரை இது ஆவணத்தைச் சிதைக்கும் செயல் என்பதே என் வாதம். மும்பையின் பஞ்சாலைப் பகுதியான கிரண்காவ் குறித்த என் ஆய்வுக்காக இத்தகைய துண்டுகளைத்தான் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத காப்பகம் ஒன்று, 1990களில் பதிவான மராத்தி நேர்காணல் கேசட்டுகளை இவ்வாறு அறுத்து வைத்திருக்கிறது. அடுத்த தொகுதியும் அதே கத்திக்குக் காத்திருப்பதாக அறிந்ததால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நிரல் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். பெரும்பாலோர் பயன்படுத்துவது ffmpeg என்னும் இலவச மென்பொருளில் உள்ள silencedetect என்ற வடிப்பானை.

```
ffmpeg -i nada_07_A.wav -af silencedetect=noise=-35dB:d=2 -f null -
```

எண்மப் பதிவு தாங்கக்கூடிய மிகப் பெரிய ஒலியளவிலிருந்து 35 டெசிபல் கீழே ஒலி இறங்கி, 2 விநாடிக்குக் குறையாமல் அங்கேயே நின்றால் அதை மௌனம் என்று கொள்க. இதுதான் கட்டளையின் பொருள். மௌனம் தொடங்கிய விநாடி, முடிந்த விநாடி, நீடித்த நேரம் ஆகியவற்றை அது திரையில் அச்சிடும். அவ்வளவே. அது எதையும் வெட்டுவதில்லை. அத்தியாயம் என்ற சொல்லும் அதன் வாயில் இல்லை. அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு மௌனத்தின் நடுவிலும் கோப்பை அறுக்கும்படி இரண்டாவது கட்டளை இடுவது நாம்தான். ஆகவே கருவியின் மேல் எனக்குப் பகை இல்லை.

இந்த முறை சரியாக வேலை செய்யும் இடங்களும் உண்டு. இசைத்தட்டில் ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் இடையே விடப்பட்ட வெற்றிடம், ஒலிநூலில் இயல் முடிந்ததும் வாசிப்பவர் வேண்டுமென்றே விடும் சில விநாடிகள் ஆகியவற்றில் மௌனம் ஓர் எல்லைக்கல். ‘இங்கே ஒன்று முடிந்தது’ என்று சொல்வதற்காகவே ஒருவர் அதை அங்கே நட்டிருக்கிறார். நட்ட கல்லை நிரல் கண்டுபிடிக்கிறது, அதில் பிழையில்லை. நேர்காணலில் அப்படி எவரும் கல் நடுவதில்லை.

மேலே குறித்த கேசட்டுகளில் ஒன்றின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். 45 நிமிடம். ஓய்வு பெற்ற நெசவுத் தொழிலாளி ஒருவர் பேசுகிறார். நிரல் 16 இடங்களில் வெட்டி 17 துண்டுகளை ஈன்றிருக்கிறது. பதினாறையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். உண்மையிலேயே பேச்சு வேறு பொருளுக்கு மாறிய இடத்தில் விழுந்த வெட்டுகள் 3. நாடாவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலி பதியாத வெற்றுப் பட்டை ஓடும் ஏழெட்டு விநாடிகளில் விழுந்தவை 2. அதனால் முதல் ‘அத்தியாயமும்’ கடைசி ‘அத்தியாயமும்’ வெறும் இரைச்சல். பதிலின் நடுவில் விழுந்தவை 5. எஞ்சிய 6 வெட்டுகளும் கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையில் விழுந்திருக்கின்றன.

இந்த ஆறு தற்செயல் அன்று. நேர்காணல் எடுத்தவர் எவரும் இதை உணர்வார். கேட்பவர் கையில் கேள்வித்தாள் இருக்கிறது; எதிரிலிருப்பவர் முடித்ததும், சில வேளை முடிப்பதற்கு முன்பே, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பதில் சொல்பவருக்கோ இருபது ஆண்டுகளைப் பின்னோக்கிக் கடக்க வேண்டியிருக்கிறது. எனவே ஒரு பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே இடைவெளி குறுகியது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவேதான் நீண்டது. பொருள் மாறும் இடத்தில் மௌனமில்லை, பொருள் பிணைந்திருக்கும் இடத்தில் மௌனம். நீளத்தைக் கொண்டு எல்லையைத் தேடும் நிரல் இணைப்பைக் கண்டு வெட்டாமல் என்ன செய்யும்? கேள்வி ஒரு கோப்பின் வாலில் தொங்குகிறது; அடுத்த கோப்பு எதற்கென்று தெரியாத ஒரு பதிலோடு தொடங்குகிறது.

உரையாடலை ஆய்பவர்களுக்கு இது பழைய செய்தி. சாக்ஸ், ஷெக்லோஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974இல் எழுதிய கட்டுரையிலேயே மௌனங்களை வேறுபடுத்தியிருக்கிறார்கள்: ஒருவர் தன் முறைக்குள்ளே நிறுத்துவது வேறு, ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் தொடங்குமுன் நிற்பது வேறு, பேச்சே ஓய்ந்துபோவது வேறு. மூன்றாவது மட்டுமே அத்தியாய எல்லையாகத் தகுதியுள்ளது. டெசிபல் அளவுகோலில் மூன்றும் ஒன்றே.

பதிலின் நடுவில் விழுந்த ஐந்தில் ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கி, ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்களை வெளியே நிறுத்திய அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிய பேச்சு. இடையில் ஆலைக்குத் திரும்பிச் சென்றவர்களைத் தாங்கள் எப்படி ஏசினோம், சாளில் அவர்களோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை என்று அவர் உரத்த குரலில் சொல்கிறார். பிறகு 4 விநாடி மௌனம். அதன் பின், குரல் தாழ்ந்து, ஒன்பதாம் மாதம் தானும் உள்ளே போனதாகச் சொல்கிறார். வெட்டு அந்த நான்கு விநாடியில். எட்டாம் கோப்பு உறுதி குலையாத ஒரு போராளியோடு முடிகிறது. ஒன்பதாம் கோப்பு உள்ளே போன ஒருவரோடு தொடங்குகிறது, தான் யாரை ஏசினார் என்ற சுவடே இல்லாமல். காப்பகத்தின் தேடுபொறி துண்டுகளைத் தனித்தனியாகத்தான் எடுத்துக் கொடுக்கிறது. எட்டை மட்டும் கேட்டு மேற்கோள் காட்டும் ஆய்வாளர் அந்த மனிதரைப் பற்றி நேர்மையாகவே ஒரு பொய்யை எழுதுவார்.

இனி, நிரலின் வரம்புகளைத் திருத்தினால் போதும் என்போருக்கு. இரண்டு விநாடிக்குப் பதில் ஐந்து விநாடி வைத்தால் சிறு மௌனங்கள் நீங்கி, பெரிய மௌனங்கள் மட்டும் சிக்கும் என்று அந்தக் காப்பகத்திலேயே ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதே நாடாவில் செய்து பார்த்தேன். சிக்கியவை இரண்டே இரண்டு: தொடக்கத்தின் வெற்றுப் பட்டை, முடிவின் வெற்றுப் பட்டை. மகனின் படிப்பு என்னவாயிற்று என்று கேட்கப்பட்டதும் அவர் வாய் திறக்காமல் இருந்த 14 விநாடி, அந்தப் பக்கத்திலேயே மிக நீண்ட மௌனம், பட்டியலில் இல்லை.

காரணம் பதிவுக் கருவியில் இருக்கிறது. அக்காலத்தில் களத்துக்கு எடுத்துச் சென்ற சிறிய கேசட் ரெக்கார்டர்களில் பதிவு அளவைத் தானாகச் சரிசெய்யும் சுற்று ஒன்று உண்டு. பேச்சு உரத்தால் அது பெருக்கத்தைக் குறைக்கும். பேச்சு நின்றால், குரல் தொலைவிலிருக்கிறது போலும் என்றெண்ணி, சில விநாடிகளில் பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அறையில் மின்விசிறி சுழல்கிறது, தெருவில் வண்டி போகிறது. மௌனம் நீள நீள அவையெல்லாம் உரத்து எழுகின்றன. ஆகவே 14 விநாடி மௌனத்தில் முதல் மூன்றரை விநாடி மட்டுமே -35 டெசிபலுக்குக் கீழே இருக்கிறது. அதன் பிறகு விசிறியின் ஓசை வரம்பைத் தாண்டிவிடுகிறது. நிரலின் கணக்கில் அதுவும், ஒருவர் தேநீர் ஒரு வாய் பருகிய இடைவெளியும் ஒரே அளவு. இதைச் சோதிப்பது கடினமன்று: அலைவடிவத்தைத் திரையில் விரித்து, பேச்சு நின்ற இடத்திற்குப் பின் அடியிலுள்ள இரைச்சல் பட்டை ஆப்பு வடிவில் தடித்துக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். போனால், மௌனத்தின் நீளம் பற்றி நிரல் தரும் எண்களை நம்ப முடியாது. வரம்பை -25க்கு ஏற்றினாலோ, தணிந்த குரலில் சொன்ன சொற்களே மௌனமாகிவிடும். உள்ளே போனதைச் சொன்ன குரல் அப்படிப்பட்டதுதான்.

ஒலியளவைப் பார்க்காமல் மனிதக் குரலையே அடையாளம் காணும் நிரல்கள் வந்துவிட்டன என்பதும் உண்மை. விசிறியால் அவை ஏமாறுவது குறைவு. ஆனால் அந்த 14 விநாடியை அவை சரியாகக் கண்டுபிடித்தால் என்ன ஆகும்? கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இன்னும் துல்லியமாக வெட்டும்.

ஆள் இல்லை, பணம் இல்லை, நூற்றுக்கணக்கான மணி நேரத்தை யார் உட்கார்ந்து கேட்பது என்ற பதில் எனக்குத் தெரியும். அது பொய்யன்று. ஆயினும் அந்த வறுமை மௌனத்தில் வெட்டச் சொல்லவில்லை. கோப்பை முழுதாக வைத்து, அதனுள் நேரக்குறிகளை இடுவதற்கு அதே ffmpeg இடம் தருகிறது; ஓர் எளிய உரைக்கோப்பு போதும்.

```
;FFMETADATA1
[CHAPTER]
TIMEBASE=1/1000
START=512000
END=871000
title=வேலைநிறுத்தம், திரும்பிப் போனவர்கள்
```

குறி தவறானால் நாளை திருத்தலாம். அறுத்த கோப்பைத் திருத்த இயலாது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் நன் மையம் உருவாக்கிய ஓ.எச்.எம்.எஸ். என்ற அமைப்பும் இவ்வழியில்தான் நடக்கிறது: பதிவு முழுதாக இருக்கும், கேட்டவர் ஒருவர் பொருள் மாறும் இடங்களில் தலைப்பும் சுருக்கமும் இடுவார், தேடி வருபவர் அந்த விநாடிக்கு நேரே போவார், வேண்டுமானால் ஒரு நிமிடம் பின்னும் போவார். பின்னே போக முடிவதுதான் முக்கியம். silencedetect தரும் பட்டியலும் அங்கே உதவும், கேட்பவர் எங்கே காது கொடுக்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக. கேட்க ஆளே இல்லாத பதிவென்றால் குறியே இல்லாமல் முழுதாக ஏற்றுங்கள். 45 நிமிடத்தைக் கேட்கப் பொறுமையில்லாத ஆய்வாளருக்காக ஆவணத்தைக் கூறுபோட வேண்டியதில்லை.

இவற்றினும் கொடியது ஒன்று மிச்சமிருக்கிறது. நான் குறிப்பிடும் காப்பகம் வெட்டியதோடு நில்லாமல், துண்டுகளின் முனைகளில் எஞ்சிய மௌனத்தையும் செதுக்கி எறிந்திருக்கிறது. பதினேழு துண்டுகளையும் வரிசையாக ஒட்டினாலும் பழைய 45 நிமிடம் திரும்புவதில்லை. 1990களில் கையால் எழுதிய படியில் குறித்த நேரங்களோடு எதுவும் பொருந்துவதில்லை. முழுக் கோப்பு எங்கே என்று கேட்டேன். இடம் போதாமையால் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆவணக்காப்பகங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், ஒற்றைத் தடத்தில் வைத்தால் அந்த 45 நிமிடம் ஒரு ஜிகாபைட்டைக்கூட நிரப்பாது.

கேசட்டுகள் இன்னும் அந்த அலுவலகத்தின் அலமாரியில் இருக்கின்றன. வெட்டியவற்றை மீண்டும் முழுதாக மின்னுருவாக்க முடியும். அதைக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். அடுத்த தொகுதியை வெட்டாமல் ஏற்ற வேண்டும், முழுக் கோப்பை அழிக்கக் கூடாது, ஏற்கனவே வலையிலுள்ள துண்டுகளின் மேல் ‘அத்தியாயம்’ என்ற சொல்லை நீக்கி, நிரலால் வெட்டப்பட்டது என்றும் எந்த வரம்பில் என்றும் எழுத வேண்டும் என்பவை அதிலுள்ள கோரிக்கைகள். கையொப்பமிட விரும்பும் ஆய்வாளர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். இத்தகைய துண்டுகளை மேற்கோள் காட்டி ஏற்கனவே கட்டுரை எழுதியிருப்பவர்கள், தாங்கள் பயன்படுத்திய துண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை ஒருமுறை கேட்டுவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.